940-க்கு வாங்கிய பங்கு 800-இல்: ஒன்று வாங்கி இரண்டு விற்கும் கால் ஆப்ஷன் உத்தி உண்மையில் எவ்வளவு மீட்டுத் தரும்?

கரூர்க்காரன்

வணக்கம். ஒரு தனியார் வங்கியின் பங்குகள் 700 வைத்திருக்கிறேன். வாங்கிய விலை 940. காலாண்டு முடிவுகள் வெளியான பிறகு சரிந்து இப்போது 800-இல் நிற்கிறது. அந்தப் பங்கின் லாட் அளவும் 700தான், ஆகவே என்னிடம் சரியாக ஒரு லாட் இருக்கிறது.

இந்த நிலைமைக்கு 'ஸ்டாக் ரிப்பேர்' என்ற உத்தியை ஒரு காணொளியில் விளக்கினார்கள். 800 கால் ஆப்ஷன், அதாவது எக்ஸ்பைரி அன்று பங்கை 800-க்கு வாங்கும் உரிமை, ஒரு லாட் வாங்கி, 870 கால் இரண்டு லாட் விற்றால் போதும், பங்கு 940 வரை ஏறக் காத்திருக்க வேண்டாம், 870 வந்தாலே போட்ட பணம் திரும்பிவிடும், கையிலிருந்து ஒரு பைசா போகாது என்றார்கள். திரையில் விலையைப் பார்த்தேன். எக்ஸ்பைரிக்கு ஒரு மாதம் இருக்கிறது. 800 கால் 28 ரூபாய், 870 கால் 5.50. இரண்டு விற்றாலும் 11 ரூபாய்தானே வருகிறது? மீதி 17 ரூபாய் என் கையிலிருந்துதானே போகிறது? எங்கே இடிக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெற்றிவேல்77

நல்ல உத்திதான், பயப்பட வேண்டாம். இரண்டு கால் விற்கிறோமே என்று பலர் மிரளுவார்கள். ஒன்றுக்கு உங்கள் பங்கு காவல், இன்னொன்றுக்கு நீங்கள் வாங்கிய 800 கால் காவல். பங்கு எவ்வளவு ஏறினாலும் கைக்கடி கிடையாது. கீழே போனால் ஏற்கெனவே பங்கில் ஆகும் நட்டம்தான், கூடுதலாக ஒன்றும் இல்லை. 17 ரூபாயைப் பெரிதாக நினைக்காதீர்கள். 870-ஐத் தொட்ட அன்றே மூடிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

தராசு

வெற்றிவேல் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டு விற்பனைக்கும் காவல் இருக்கிறது. 17 ரூபாய் பற்றியும் தொட்ட அன்றே மூடுவது பற்றியும் சொன்னது சரியில்லை. முதலில் 17-ஐப் பார்ப்போம்.

எக்ஸ்பைரி அன்று பங்கு சரியாக 870-இல் முடிகிறது என்று வையுங்கள். பங்கில் 70 நட்டம். 800 காலில் 70 வரவு. விற்ற 870 கால் இரண்டும் மதிப்பிழந்துவிடும். பங்கும் காலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன, ஆனால் ஆரம்பத்தில் கொடுத்த 17 அப்படியே நிற்கிறது. 700 பங்குக்கு 11,900 ரூபாய். 870-க்கு மேலே போனால் இந்த நட்டம் குறையவே குறையாது, ஏனென்றால் அதற்கு மேல் வரும் ஏற்றம் முழுவதையும் விற்றுவிட்டீர்கள். அதாவது இந்த அமைப்பில் நீங்கள் அசலைத் தொடும் புள்ளி என்று ஒன்று இல்லவே இல்லை. பங்கு 800-லேயே தூங்கினால் 140 நட்டத்தோடு இந்த 17-ம் சேரும்.

செலவில்லாமல் செய்ய வேண்டுமென்றால் விற்கும் ஸ்டிரைக் ஒவ்வொன்றும் வாங்கும் பிரீமியத்தில் பாதியாவது தர வேண்டும். 28-இல் பாதி 14. உங்கள் திரையில் 14 ரூபாய்க்கு எந்த ஸ்டிரைக் இருக்கிறது என்று பாருங்கள். 830-க்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

கரூர்க்காரன்

ஆமாம் ஐயா, 830 கால் 14.50 காட்டுகிறது. அப்படியானால் 29 வாங்கி 28 கொடுக்கிறேன், ஒரு ரூபாய் மிச்சம். ஆனால் பங்கு 830-இல் முடிந்தால் பங்கில் 110 நட்டம், காலில் 30 வரவு, ஒரு ரூபாய் மிச்சம். 79 நட்டம் பாக்கி நிற்கிறதே?

தராசு

நிற்கும். காணொளிகளில் சொல்லாத இடம் இதுதான்.

வாங்கும் ஸ்டிரைக்குக்கும் விற்கும் ஸ்டிரைக்குக்கும் உள்ள இடைவெளியைப் போல இரண்டு மடங்கு நட்டத்தைத்தான் இந்த உத்தியால் அடைக்க முடியும். ஒரு மடங்கு பங்கு ஏறுவதால் வருகிறது, இன்னொரு மடங்கு 800 காலில் வருகிறது. செலவில்லாமல் கிடைக்கும் இடைவெளியைச் சந்தைதான் தீர்மானிக்கிறது, நம் நட்டத்தின் அளவு அல்ல. ஒரு மாதத்துக்கு உங்களுக்கு 30 ரூபாய் கிடைக்கிறது, கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் 34. ஆகவே அடைக்கக்கூடிய நட்டம் 60 முதல் 68 வரை. நீங்கள் 860-க்கு வாங்கியிருந்தால் இந்த உத்தி உங்களுக்காகவே தைத்த சட்டை. 940-க்கு வாங்கியவருக்கு அது போதாது.

மனக்கணக்காக ஒன்று வைத்துக்கொள்ளலாம். பங்கு விலைக்கு நேரான ஸ்டிரைக்கின் கால் பிரீமியத்தை இரண்டரையால் பெருக்குங்கள். 28-ஐப் பெருக்கினால் 70. எக்ஸ்பைரிக்குள் சந்தை எதிர்பார்க்கும் அசைவின் அளவு ஏறத்தாழ அதுதான். செலவில்லாத ரிப்பேர் அடைக்கக்கூடிய உச்ச நட்டமும் அதையொட்டியே இருக்கும். உங்கள் நட்டம் 140, சரியாக இரண்டு மடங்கு. அசைவு காலத்தின் வர்க்கமூலத்தோடு வளர்வதால், இரண்டு மடங்கு வேண்டுமென்றால் நான்கு மடங்கு காலம் வேண்டும். அதாவது நான்கு மாத ஆப்ஷன். நம் தேசியப் பங்குச் சந்தையில் தனிப் பங்குகளுக்கு மூன்று மாத ஒப்பந்தங்கள்தான் இருக்கின்றன. அதிலும் உயிரோட்டமாக வியாபாரம் நடப்பது நடப்பு மாதத்தில் மட்டும்.

இந்த உத்தி அமெரிக்காவில் புழங்கி வந்தது. அங்கே ஒரு ஒப்பந்தம் 100 பங்கு, ஓராண்டு தாண்டிய ஆப்ஷன்களும் கிடைக்கும். அங்கே போட்ட கணக்கை ரூபாய்க்கு மாற்றி நம் ஒரு மாத எக்ஸ்பைரியின் மேல் ஒட்டினால் இப்படித்தான் 17 ரூபாய் இடிக்கும்.

மீனாட்சி

நடுவில் ஒரு சந்தேகம். என்னிடம் இதே போல இறங்கிய பங்கு 250 இருக்கிறது. லாட் 700. நானும் ஒன்று வாங்கி இரண்டு விற்கலாமா? பங்கு குறைவாக இருப்பதால் நட்டமும் குறைவாகத்தானே இருக்கும்?

தராசு

வேண்டாம் அம்மா. லாட்டைப் பிரித்து விற்க முடியாது. விற்பது 1400 பங்குக்கான கால். வாங்கிய கால் 700-க்குக் காவல், உங்கள் பங்கு 250-க்குக் காவல். மீதி 450 பங்குக்கு ஒன்றுமில்லை. பங்கு 100 ரூபாய் துள்ளினால் அந்த 450 என்ன செய்யும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். லாட் முழுவதும் கையில் இல்லாதவர்களுக்கு இந்த இழையில் ஒன்றுமில்லை.

மீனாட்சி

அப்படியானால் விற்பதை விட்டுவிட்டு 800 கால் மட்டும் வாங்கினால்?

எதிர்க்காற்று

அது ரிப்பேர் அல்ல, ஏறும் என்று 19,600 ரூபாய்க்குக் கட்டும் பந்தயம். 28 பெருக்கல் 700. அது வேறு கதை, வேறு இழையில் கேளுங்கள்.

நான் கரூர்க்காரரிடம் ஒன்று கேட்கிறேன். இதே பங்கை 300 ரூபாய்க்கு வாங்கி ஐந்நூறு ரூபாய் லாபத்தில் இருக்கும் ஒருவர், இன்று இந்த மூன்று ஆர்டர்களைப் போடுவாரா? போடமாட்டார் என்றால் நீங்கள் மட்டும் ஏன் போட வேண்டும்? நாளைக்குப் பங்கு எங்கே போகும் என்பது இருவருக்கும் ஒன்றுதான். 'ரிப்பேர்' என்ற பெயரை எடுத்துவிட்டுப் பாருங்கள். பங்கின் மேல் ஒரு கவர்டு கால், பக்கத்தில் 800-830 என்று ஒரு கால் ஸ்பிரெட். அவ்வளவுதான். மெதுவாகக் கொஞ்சம் ஏறும் என்று நம்புகிறவர் செய்கிற வேலை இது. 940 என்ற எண்ணுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

தராசு

எதிர்க்காற்று சொல்வதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. ஆனால் நடைமுறையில் கையில் நட்டத்தோடு இருப்பவர் சும்மா இருப்பதில்லை, இன்னொரு 700 பங்கு வாங்கி ஆவரேஜ் செய்யத் துடிக்கிறார். அதோடு ஒப்பிட்டால் இந்த அமைப்புக்கு ஒரு நியாயம் இருக்கிறது. 800-இல் இன்னொரு லாட் வாங்க 5,60,000 ரூபாய் வேண்டும், அதன் பிறகு பங்கு இறங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 1400 ரூபாய் போகும். 830 அமைப்பில் புதிதாகப் பங்கு வாங்கப் பணம் தேவையில்லை, கீழே போனால் பழையபடி 700 ரூபாய்தான். பங்கு 800-க்கும் 830-க்கும் நடுவே முடியும் வரை இரண்டுக்கும் வரவு ஏறக்குறைய ஒன்றே. 830-க்கு மேலே போனால்தான் ஆவரேஜ் செய்தவர் முந்துகிறார்.

இப்போது எதுவும் செய்யாமல் பங்கை மட்டும் வைத்திருப்பதோடு ஒப்பிடுங்கள். 800-க்குக் கீழே இரண்டும் ஒன்று, ஒரு ரூபாய் மிச்சத்தைத் தவிர. 800-இலிருந்து மேலே ஏற ஏற ரிப்பேர் முந்துகிறது, 830-இல் உச்சம், 31 ரூபாய், அதாவது 21,700. அதன் பிறகு அந்த முன்னிலை ரூபாய்க்கு ரூபாய் தேய்கிறது. 861-இல் சமம். அதற்கு மேலே போனால் சும்மா இருந்திருக்கலாம் என்றாகிவிடும். 900 போனால் சும்மா இருந்தவரின் நட்டம் 40, ரிப்பேர் செய்தவரின் நட்டம் 79. ஆக, 800-க்கும் 861-க்கும் நடுவே முடியும் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள்.

வெற்றிவேல்77

அதற்குத்தான் சொன்னேன், தொட்ட அன்றே மூடிவிட வேண்டும் என்று. இங்கே 830 தொட்டதும் மூடலாம். எக்ஸ்பைரி வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

தராசு

பதினைந்து நாளில் பங்கு 830 வந்துவிட்டது என்று வையுங்கள். எக்ஸ்பைரிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. அன்று 800 கால் ஏறத்தாழ 38.50 இருக்கும். விற்ற 830 கால் இப்போது பங்கு விலைக்கு நேராக நிற்பதால் 20 ரூபாய் இருக்கும். நீங்கள் 14.50-க்கு விற்றது. மூட வேண்டுமானால் 38.50 வாங்கி 40 கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் மிஞ்சிய ஒரு ரூபாயைக் கழித்தால் அரை ரூபாய் நட்டம். பங்கு நீங்கள் ஆசைப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது, ஆப்ஷன் பக்கம் மைனஸ் 350 ரூபாய் காட்டுகிறது. உத்தி தோற்றுவிட்டது என்று பலர் இந்த நாளில்தான் மூடிவிட்டு ஓடுகிறார்கள். அந்த 31 ரூபாய் முழுவதும் கடைசி இரண்டு வாரத்தில், விற்ற கால்களின் நேர மதிப்பு கரைவதிலிருந்து வர வேண்டியது. பங்கு அங்கேயே நின்றால்தான் வரும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. முதல் வாரத்திலேயே ஒரு நல்ல செய்தியில் 870 தாவிவிட்டால் பங்கில் வரும் மகிழ்ச்சியை ஆப்ஷன் தின்னும். காலாண்டு முடிவோ வட்டி விகித முடிவோ எக்ஸ்பைரிக்கு முன்னால் இருக்கிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள்.

நாமக்கல் செல்வம்

கடைசி வாரம் பற்றி யாரும் பேசவில்லையே? என் மைத்துனருக்கு நடந்ததைச் சொல்கிறேன். இதே அமைப்பு, வேறு பங்கு. எக்ஸ்பைரி அன்று விலை வாங்கிய ஸ்டிரைக்குக்கு மேலேயும் விற்ற ஸ்டிரைக்குக்குக் கீழேயும் முடிந்தது. விற்றது இரண்டும் பூஜ்யமாகிவிட்டது, உச்ச லாபம் என்று மகிழ்ச்சியாக உட்கார்ந்திருந்தார். மறுநாள்தான் தரகு நிறுவனம் ஒரு லாட் பங்குக்கு முழுப் பணத்தையும் கட்டச் சொல்லிச் செய்தி அனுப்பியது. அவர் பணத்தில்தான் தீர்வாகும் என்று நினைத்திருந்தார். கடைசி நாலு நாளாகவே மார்ஜின் ஏறிக்கொண்டிருப்பதாக எச்சரிக்கை வந்திருக்கிறது, இவர் திறந்து பார்க்கவில்லை.

தராசு

செல்வம் சொன்னது முக்கியம். 2019 அக்டோபரிலிருந்து நம் சந்தையில் எல்லாப் பங்கு ஆப்ஷன்களும் பங்காகவே ஒப்படைக்கப்படுகின்றன. குறியீட்டு ஆப்ஷன்களைப் போலப் பணத்தில் முடிவதில்லை. கரூர்க்காரர் கணக்கில் பங்கு 825-இல் முடிந்தால், 800 கால் உயிரோடு இருக்கும், 830 கால்கள் செத்திருக்கும். 5,60,000 ரூபாய் கொடுத்து இன்னொரு 700 பங்கை வாங்கியே ஆக வேண்டும். ஆவரேஜ் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இந்த உத்திக்கே வந்தார், கடைசியில் ஆவரேஜ் தானாக நடந்துவிடும்.

840-இல் முடிந்தால் வேறு விதம். விற்ற இரண்டு லாட்டில் ஒன்றை வாங்கிய கால் அடைத்துவிடும், இன்னொன்றுக்கு உங்கள் டீமேட்டில் இருக்கும் 700 பங்கும் 830 விலையில் போக வேண்டும். மார்ஜினுக்காக அந்தப் பங்கை அடமானம் வைத்திருந்தால் நேரத்துக்கு விடுவிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏலத்தில் மாட்டிக்கொள்ளும். பங்கை விட மனமில்லை என்றாலும், 5,60,000 கையில் இல்லை என்றாலும், எக்ஸ்பைரிக்கு ஓரிரு நாள் முன்பே எல்லாவற்றையும் மூடுவதுதான் வழி. அப்படி மூடினால் அந்த 31-இல் சில ரூபாய் மேசையிலேயே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நம் பங்கு ஆப்ஷன்கள் 2011 முதல் ஐரோப்பிய வகை. எக்ஸ்பைரிக்கு முன்னால் யாரும் உங்களிடம் பங்கைக் கேட்க முடியாது. அமெரிக்காவில் டிவிடெண்டுக்கு முந்தின நாள் திடீரென்று பங்கு பறிபோகும் தொல்லை இங்கே இல்லை.

கரூர்க்காரன்

மார்ஜின் எவ்வளவு வரும்? என் பங்குதான் காவல் என்கிறீர்களே, பிறகு எதற்கு மார்ஜின்?

தராசு

காவல் என்பது நம் கணக்கில். சந்தையின் மார்ஜின் முறைக்கு உங்கள் டீமேட் தெரியாது. ஒரு 830 கால் 800 காலோடு சேர்ந்து ஸ்பிரெட் ஆவதால் அதற்குக் குறைவாகக் கேட்கும். இன்னொரு 830 கால் வெறும் விற்பனையாகவே தெரியும், அதற்கு முழு மார்ஜின். பங்கை அடமானம் வைத்து ஒரு பகுதியைக் காட்டலாம், மதிப்பில் ஒரு கழிவு போக மீதிதான் கணக்கில் வரும். அதோடு, இரவு தாண்டி வைத்திருக்கும் நிலைகளுக்கு மார்ஜினில் பாதியாவது ரொக்கமாகவோ ரொக்கத்துக்கு இணையானதாகவோ இருக்க வேண்டும். ஆகவே 'கைக்காசே வேண்டாம்' என்பது பிரீமியத்துக்கு மட்டும் பொருந்தும். ஆர்டர் போடும்போது 800 காலை முதலில் வாங்குங்கள், பிறகு விற்பனை. தலைகீழாகப் போட்டால் இரண்டு லாட்டுக்கும் முழு மார்ஜின் கேட்கும்.

வரவுசெலவு

கணக்கு எழுதும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லோரும் ஆப்ஷன் லாபத்தையும் பங்கு நட்டத்தையும் ஒரே பையில் போட்டுக் கழிக்கிறீர்கள். வருமான வரி அப்படிக் கழிக்காது. ஆப்ஷன் லாபம் வணிக வருமானம், உங்கள் வருமான வரம்புக்கு ஏற்ற விகிதத்தில் வரி. பங்கு நட்டம் மூலதன நட்டம், அதுவும் விற்றால்தான் நட்டம். விற்றாலும் அதை மூலதன லாபத்தோடுதான் கழிக்கலாம், வணிக வருமானத்தோடு கழிக்க முடியாது.

தராசு சொன்ன 21,700 ரூபாய் அப்படியே வந்தாலும், 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு அதில் 6,510 ரூபாய் வரி, அதற்கு மேல் செஸ். 31 ரூபாய் ரிப்பேர் வரி போக 21 ரூபாய் சொச்சமாகிவிடும். இதற்குப் பிறகு எளிய படிவமும் போதாது, ஐடிஆர்-3 தாக்கல் செய்ய வேண்டும். சம்பளக்காரர்கள் இதை ஜூலையில்தான் கண்டுபிடித்து என்னிடம் வருகிறார்கள்.

எதிர்க்காற்று

பார்த்தீர்களா, இன்றைக்கே பங்கை விற்று நட்டத்தை எழுதிவிட்டால் அது வேறு மூலதன லாபத்தோடு கழியும். 98,000 ரூபாய் நட்டம் சும்மா கிடக்கிறது. விற்றுவிட்டு, அந்தப் பங்கு பிடித்திருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அதுதான் உண்மையான ரிப்பேர்.

வரவுசெலவு

கழிக்க மூலதன லாபம் இருந்தால். இல்லாவிட்டால் எட்டு ஆண்டுகள் முன்னெடுத்துச் செல்லலாம், அதற்கும் குறித்த தேதிக்குள் கணக்கு தாக்கல் செய்திருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கின் நட்டம் நீண்டகால லாபத்தோடு மட்டும்தான் கழியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரூர்க்காரன்

இரண்டு மாதம் தள்ளியும் பார்த்தேன். அடுத்த மாத ஒப்பந்தத்தில் 800 கால் 39, 850 கால் 19 என்று கடைசி விலை காட்டுகிறது. 50 ரூபாய் இடைவெளி, ஒரு ரூபாய்தான் செலவு. 850-இல் முடிந்தால் 140 நட்டம் 41 ஆகிறது. இது பரவாயில்லை போலத் தோன்றியது. ஆனால் ஆர்டர் பட்டியலைத் திறந்தால் 850-க்கு 15 ரூபாய்க்கு ஒருவர் வாங்க நிற்கிறார், 23-க்கு ஒருவர் விற்க நிற்கிறார். நடுவில் யாருமில்லை. 800-க்கு விற்பவர் 42 கேட்கிறார்.

தராசு

கடைசி விலை என்பது எப்போதோ நடந்தது. கேட்கும் விலைக்கு உடனே போட்டால் 42 கொடுத்து 30 வாங்குவீர்கள், 12 ரூபாய் போய்விடும், 700-க்கு 8,400. மூடும்போதும் இதே பள்ளம் காத்திருக்கும். நடு விலையில் வரம்பு ஆர்டர் வைத்துக் காத்திருக்கலாம், ஆனால் ஒரு பக்கம் நிறைவேறி மறுபக்கம் தொங்கக்கூடாது. என்னிடம் கேட்டால், அடுத்த மாதம் நடப்பு மாதமாக மாறும் வரை பொறுத்து, அப்போது விலை எங்கே இருக்கிறதோ அங்கிருந்து ஒரு மாத அமைப்பைப் போடுவேன். மாதம் ஒரு முறை 30 ரூபாய் இடைவெளியில் அடைத்துக்கொண்டு வருவது. ஒவ்வொரு முறையும் பங்கு அந்தச் சிறு இடைவெளிக்குள் முடிய வேண்டும் என்பது நினைவிருக்கட்டும்.

எதிர்க்காற்று

நான்கு மாதம் வரிசையாக ஒரு பங்கு 30 ரூபாய் மட்டும் ஏறி ஏறி நிற்கும் என்று நம்புகிறவரை நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

வெற்றிவேல்77

நான் பார்த்திருக்கிறேன். 2023-இல் ஒரு சிமெண்ட் பங்கு அப்படித்தான் ஏறியது.

எதிர்க்காற்று

ஏறியதைப் பார்த்தீர்கள், சரி. ஏறும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் எதற்காக 830-இல் விற்பீர்கள்?

கரூர்க்காரன்

இருவரும் சண்டை போடாதீர்கள். இந்த மாதம் 830 அமைப்பு ஒன்று மட்டும் போடலாம் என்று இருக்கிறேன். எக்ஸ்பைரி மாதத்தின் கடைசி செவ்வாய், அதற்கு முந்தின வெள்ளியன்றே மூடிவிடுவேன், பங்கு எங்கே இருந்தாலும். ஒரே ஒரு கேள்வி பாக்கி. நடுவில் பங்கு 760-க்கு இறங்கிவிட்டால் விற்ற 830 கால்கள் ஓரிரண்டு ரூபாய்க்கு வந்துவிடும் அல்லவா? அவற்றைத் திரும்ப வாங்கிவிட்டு 800 காலை மட்டும் வைத்துக்கொள்ளலாமா, அல்லது 790 கால் இரண்டு புதிதாக விற்பதா?

தராசு

திரும்ப வாங்குவது சரி. ஓரிரண்டு ரூபாய்க்காக இரண்டு லாட் விற்பனையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு இருப்பதில் பொருளில்லை, மார்ஜினும் விடுபடும். 790-இல் இரண்டு விற்பதை மட்டும் செய்யாதீர்கள். வாங்கிய 800-க்குக் கீழே விற்றால் 790-க்கும் 800-க்கும் நடுவே வாங்கிய கால் துணைக்கு வராது. அந்த இடைவெளியில் இரண்டு லாட் விற்பனைக்கும் உங்கள் ஒரு லாட் பங்கு மட்டும்தான் நிற்கும். புதிதாக அமைக்க வேண்டுமானால் 760-ஐ நடுவாக வைத்து, மூன்று காலையும் புதிதாகப் பாருங்கள். அன்றைக்கு எத்தனை நாள் பாக்கி இருக்கிறது என்பதைப் பொறுத்து, 30 ரூபாய் இடைவெளிகூடக் கிடைக்காமல் போகலாம்.